கோட்டுக்கு மேலே ஏறிய தண்ணீர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் என்னைக் குத்திக்காட்ட முடியாது. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பதுளையில் படித்து, கொழும்பில் கப்பல் படிப்பு முடித்து, சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர் ஆனேன். கேப்டனுக்கு அடுத்த ஆள். சரக்கை ஏற்றுவது, இறக்குவது, கப்பல் எவ்வளவு ஆழத்தில் மிதக்கிறது என்று பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். இத்தனை வருஷம் கடலில் இருந்தும் எனக்குக் கடல் என்றால் பயம்தான். எனக்குப் பயமே கிடையாது என்று மார்தட்டுகிற ஆளோடு ஒரே கப்பலில் போவதைவிட நான் வேலையை விட்டுவிட்டு வெலிமடைக் காய்கறிச் சந்தையில் லீக்ஸ் மூட்டை தூக்கப் போய்விடுவேன்.

கொஞ்ச காலம் முன்பு நான் வீட்டில் சும்மா இருந்தபோது பதுளையிலிருந்து ஒரு முதலாளி கூப்பிட்டனுப்பினார். பரம்பரையாகக் கடை வைத்திருந்த குடும்பம். அவர் கடையோடு நிற்காமல் லாரி வாங்கினார். ஊவாத் தோட்டங்களின் தேயிலை பாதி அவருடைய லாரிகளில்தான் கொழும்புக்குப் போகும். அதற்கும் மேலே போய், பங்காளிகள் சிலரோடு சேர்ந்து கப்பல் வாடகைக்கு எடுத்து சரக்கு அனுப்பவும் தொடங்கியிருந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. என் தங்கை புருஷனைக் கப்பலில் மாலுமியாகச் சேர்த்துவிட்டதே அவர்தான். ஹல்துமுல்லைப் பக்கம் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய வாழ்வு. தங்கை அப்போது மாசமாக இருந்தாள், தலைப்பிரசவம்.

லாரிகள் நிற்கும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் முதலாளி. பிளேன்டீ வந்தது. விஷயத்தைச் சொன்னார். திருகோணமலையிலிருந்து சிட்டகாங்குக்குக் கனிம மண் போக வேண்டும், நாலாயிரம் டன். கறுப்பாக மினுங்குமே, கடற்கரை மண், அது. போன வருஷம் இதே அளவு மண்ணை வேறொரு கப்பலில் அனுப்பினாராம். அந்தக் கப்பல் இப்போது கிடைக்கவில்லை. அதனால் புதிதாக ஒன்றை எடுத்திருக்கிறார். அதில் என் மாப்பிள்ளை, தங்கை புருஷன், ஏற்கெனவே ஏறிவிட்டான். சீஃப் ஆபீசர் பாதியில் இறங்கிவிட்டதால் நான் உடனே போக வேண்டும்.

“கப்பல் எவ்வளவு பெரிசுங்க?” என்று கேட்டேன்.

“அதே சைஸ்தான் தம்பி. பழைய கப்பலு கிராஸ் டன் ரெண்டாயிரத்து எண்ணூறு. இதுவும் ரெண்டாயிரத்து எண்ணூறு. பாத்துத்தானே எடுத்தேன்! நான் என்ன நேத்துப் பொறந்தவனா?”

நான் தேநீரைக் கீழே வைத்தேன். “டெட்வெயிட் எவ்வளவுங்க?” என்றேன்.

“அதெல்லாம் நீங்க படிச்சவங்க பாத்துக்குங்க” என்று சிரித்துவிட்டு ஒரு லாரி டிரைவரைத் திட்டப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது புரியாமல்தான் அவரும் விழுந்தார், எங்களையும் இழுத்துவிட்டார். கிராஸ் டன் என்பது எடையே இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் மொத்தம் எவ்வளவு என்று அளந்து, அதை ஒரு கணக்கில் போட்டு வருகிற எண் அது. சரக்கறை, எஞ்சின் அறை, நாங்கள் படுக்கிற அறை, சமையலறை, எல்லாம் அதில் சேரும். துறைமுகக் கட்டணத்துக்கும், எத்தனை பேர் எந்தச் சான்றிதழோடு கப்பலில் இருக்க வேண்டும் என்பதற்கும் அதைப் பார்ப்பார்கள். டெட்வெயிட்தான் எடை. கப்பல் தன் பக்கவாட்டில் போட்டிருக்கும் கோடு வரை தாழ்வதற்குள் எவ்வளவு கனத்தைத் தாங்கும் என்பது அது. சரக்கு மட்டுமில்லை, எண்ணெய், குடிதண்ணீர், அரிசி பருப்பு, நாங்கள், எங்கள் பெட்டி எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஒரே கிராஸ் டன் உள்ள இரண்டு கப்பலில் ஒன்று அதிகமாகத் தாங்கும், ஒன்று குறைவாகத் தாங்கும்.

முதலாளிக்கு இது ஏன் தலையில் ஏறவில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தேயிலை ஏற்றியவர். தேயிலை லேசு. லாரியில் இடம் தீர்ந்தால் லோடு முடிந்தது, படங்கைக் கட்டு, கிளம்பு, அவ்வளவுதான். லாரி எவ்வளவு பெரிசோ அவ்வளவு தேயிலை. கனத்தால் லாரி உட்கார்ந்துபோகும் என்கிற கவலை அவருக்கு வந்ததே இல்லை. கப்பலையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார்.

நான் பஸ் பிடித்து மஹியங்கனை வழியாகத் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரே மழை. ஐப்பசி முடிகிற நேரம், வடகிழக்குப் பருவம். கப்பலில் ஏறியதும் பையைக்கூட வைக்காமல் காகிதங்களைப் புரட்டினேன். நான் பயந்தது சரிதான். பழைய கப்பலின் டெட்வெயிட் நாலாயிரத்து முந்நூறு என்று முதலாளியின் ஆட்கள் சொன்னார்கள். இதற்கு மூவாயிரத்து எண்ணூறுதான். மரமும் பெட்டிகளும் போன்ற லேசான சரக்குக்காகக் கட்டிய கப்பல். உள்ளே இடம் தாராளம், ஆழத்தில் கஞ்சம். எண்ணெய், தண்ணீர், சாமான் எல்லாம் கழித்தால் மூவாயிரத்து அறுநூறு டன் மண்தான் ஏற்றலாம். துறையில் குவித்து வைத்திருந்ததோ நாலாயிரம்.

அந்த நானூறு டன்னை ஏற்றினால் கப்பல் கோட்டைத் தாண்டி ஒன்றரைச் சாண் கூடுதலாக அமிழும். கேட்பவருக்கு ஒன்றரைச் சாண் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சரக்கு சரியாக ஏறியிருந்தால் கடல் தண்ணீருக்கும் மேல்தளத்துக்கும் நடுவே என் நெஞ்சு உயரம் இருக்கும். நாலாயிரமும் ஏறினால் அது என் இடுப்பு உயரம். இடுப்பு உயரச் சுவரை வைத்துக்கொண்டு நவம்பர் மாதம் வங்காள விரிகுடாவில் போகச் சொல்கிறார்கள்.

கேப்டனிடம் சொன்னேன். காலி பக்கத்துச் சிங்களவர், வயதானவர், இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெறப் போகிறவர். முதலாளியோடு எதிர்த்துப் பேச அவருக்குத் தெம்பில்லை. “ஏற்று, போகப் போகப் பார்ப்போம்” என்றார். போகப் போகப் பார்ப்போம்! கப்பல் வேலையில் எனக்குப் பிடிக்காத வார்த்தை இதுதான்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டான். “மச்சான், நீங்க வந்துட்டீங்க, இனி எனக்குக் கவலையில்ல” என்றான். ஐயோ, எனக்கல்லவா கவலை! இவன் கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்பவன். அலை ஏறினால் முதலில் அடிபடுவது இவனைப் போன்றவர்கள். அன்று சாயங்காலம் தங்கை போன் பண்ணினாள்.

“அண்ணே, மழை பேயுதுன்னு டீவில சொல்றாங்க. பெரிய கப்பல்தானேண்ணே?”

“பெரிய கப்பல்தாம்மா” என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. கப்பல் பெரிசாக இருப்பது அவளுடைய புருஷனைக் காப்பாற்றாது என்று எப்படிச் சொல்வேன்? அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள்.

மழை விட்ட நேரம் பார்த்து மண் ஏறியது. கிரேன் வாய் திறந்து கவ்வும், சரக்கறைக்கு மேலே வந்து கொட்டும். மழை தூறினால் சரக்கறைக் கதவை மூடிவிட்டுக் காத்திருப்போம். நான் அடிக்கடி துறையில் இறங்கிக் கப்பலின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கப்பலின் நடுவில், இரண்டு பக்கமும், ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. வட்டத்தின் கோட்டுக்கு நேராக இருப்பது கோடைக் கோடு. அதற்குக் கொஞ்சம் மேலே வெப்ப மண்டலக் கோடு, கீழே குளிர்காலக் கோடு. கடல் சாதுவாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றலாம், முரட்டுக் கடலில் குறைக்க வேண்டும். அதைக் கப்பல்காரன் இஷ்டத்துக்கு விடாமல் இரும்பில் ஒட்டிவைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நல்லவேளை.

தண்ணீர் கோடைக் கோட்டைத் தொட்டதும் நான் கையை உயர்த்தி கிரேனை நிறுத்தச் சொன்னேன். துறையில் இன்னும் ஒரு குவியல் மண் அப்படியே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் முதலாளி பதுளையிலிருந்து வேனில் வந்து இறங்கினார். எங்களுக்கென்று வடையும் கேசரியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார் மனிதர். மெதுவாக ஏணியைப் பிடித்துக் கப்பலில் ஏறி, சரக்கறை விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குகூட நிறையவில்லை. அடியில் கறுப்பு மண் மேடாகக் கிடந்தது, மேலே வெறும் இடம்.

“அட, என்னப்பா இது! பாதிகூட நெறையல, லோடு முடிஞ்சுதுங்கறீங்க?”

“இடம் இருக்குங்க. கனம் தாங்காது. கோடு வந்திருச்சு.”

“இம்புட்டு எடத்த வச்சுக்கிட்டு நிறுத்துனா ஊரு சிரிக்கும் தம்பி. பழைய கப்பல்ல நாலாயிரமும் ஏறுச்சே. அதே சைஸுதானே இது?”

“அந்தக் கப்பலு ஆழமா அமிழுறதுக்குன்னே கட்டுனது. இது அப்படி இல்லீங்க. உள்ள இடம்தான் ஒரே அளவு, தாங்குற கனம் வேற. பஞ்சு மூட்டையா இருந்தா வாய் வரைக்கும் ஏத்துவேன். இது மண்ணு.”

அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வினை. என் தோளில் கை போட்டார். வாங்குகிற ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், பங்காளிகளுக்கு முன்னால் முகத்தைக் காட்ட முடியாது என்று கெஞ்சுகிற மாதிரிப் பேசினார். ஏச்சு வாங்கியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நம்ம ஊர் மனிதர், நம்ம வீட்டுப் பையனுக்கு வேலை கொடுத்தவர், இப்படிக் கேட்கும்போது முடியாது என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் முடியாது என்றேன். அவர் நேரே கேப்டனிடம் போனார்.

கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். திருகோணமலை வெப்ப மண்டலக் கடல், ஆகவே இங்கே வெப்ப மண்டலக் கோடு வரை ஏற்றலாம் என்றார். உண்மைதான். இலங்கையைச் சுற்றி வருஷம் முழுக்க அந்தக் கோடு செல்லும். ஆனால் நாங்கள் போவது சிட்டகாங்குக்கு. வடகிழக்கே ஒரு நாள் ஓடுவதற்குள் சட்டப் புத்தகம் வங்காள விரிகுடா என்று பிரித்திருக்கும் எல்லைக்குள் நுழைந்துவிடுவோம். அங்கே மே மாதத்திலிருந்து நவம்பர் முடியும்வரை கோடைக் கோடுதான் செல்லும். புயல் பிறக்கும் கடல் அது.

“எல்லைக்குப் போறதுக்குள்ள எண்ணெய் எரிஞ்சு கப்பல் மேல வந்திடும்” என்றார் கேப்டன் ஆங்கிலத்தில்.

“எத்தனை டன் எரியும் சார்? அஞ்சோ ஆறோ. அதுக்குக் கப்பல் அரை விரற்கடை உயரும். நீங்க கேக்குறது அரைச் சாண்.”

அவர் ஜன்னல் வழியாக எட்டி, மழை விட்டிருக்கிறதா என்று பார்த்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். கிரேனை ஓட்டச் சொல்லிவிட்டார்.

அரைச் சாணோடு நிற்கவில்லை. முதலாளி துறையில் குடையை ஊன்றி நின்றுகொண்டு, “இன்னும் கொஞ்சந்தானே, இன்னும் கொஞ்சந்தானே” என்று சொல்லச் சொல்ல, மண் ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஒரு சின்னப் படகை எடுத்துக்கொண்டு கப்பலின் கடல் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். வட்டம் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீருக்குள். வெப்ப மண்டலக் கோட்டைத் தேடினேன், காணவில்லை. அதுவும் முழுகிவிட்டது. படகில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினேன். மேல்தளத்து விளிம்பு எட்டியது. துறைமுகத்துக்குள் கடல் தூங்கிக்கொண்டிருந்தது, அப்போதே கை எட்டியது. மேலே மாப்பிள்ளை ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

படகிலிருந்தே துறைமுக அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். என் பெயரைச் சொல்லி, கப்பலின் பெயரைச் சொல்லி, கோடு முழுகிவிட்டது, வந்து பாருங்கள் என்றேன். குரல் எனக்கே கேட்காத மாதிரி வந்தது. அந்தப் பக்கம் பேசியவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். முதலாளியின் வடை அப்போது என் வயிற்றில்தான் இருந்தது. துரோகி, துரோகி என்று எனக்கே தோன்றியது. போனை வைத்துவிட்டுப் படகைக் கப்பலுக்குத் திருப்பினேன்.

கப்பல்களைச் சோதிக்கிற சர்வேயர் ஒருவர் மறுநாள் காலையில் வந்தார். போன் பண்ணியது யார் என்று எல்லார் முன்னாலும் கேட்டார், மற்றபடி அதிகம் பேசாத ஆள். படகில் கப்பலைச் சுற்றி வந்து முன்னால், நடுவில், பின்னால், இரண்டு பக்கமும் ஆழ எண்களைப் படித்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சிட்டகாங் என்றதும் பேனாவை மூடிவிட்டார். கோடைக் கோட்டுக்கு வரும்வரை இந்தக் கப்பல் நகரக் கூடாது என்று கேப்டனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஏற்றிய மண்ணையே கிரேன் கவ்விக் கவ்வித் திரும்பத் துறையில் கொட்டியது. முதலாளி குடையைச் சுருட்டிக்கொண்டு வேனுக்கு நடந்தார். வேனில் ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்து, “நல்லா இருங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். விடை கொடுக்கிற அந்தத் தொனியில் அவர் என்னிடம் அதுவரை பேசியதே இல்லை.

மாப்பிள்ளைதான் வெடித்தான்.

“ஏன் மச்சான் இப்படிப் பண்ணுனீங்க? சோறு போட்ட மனுசன் மேல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!”

“கோடு முழுகிடுச்சு மாப்ள. நீயே பாத்தியே.”

“எல்லாரும்தான் கொஞ்சம் கூடக் கொறச்சு ஏத்துறாங்க. உங்களுக்குப் பயம். உங்க பயத்துக்கு என் பொழப்பையும் சேத்துக் கெடுத்துட்டீங்க. உங்ககிட்ட சர்டிபிகேட் இருக்கு, எங்கயாச்சும் போயிருவீங்க. நான் திரும்பவும் கவ்வாத்துக் கத்தியத் தூக்கணுமா?”

அவன் சொன்னதில் பாதி உண்மை. நான் பயந்துதான் செய்தேன். அதன் பிறகு அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். கப்பலில் மற்றவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்னை அங்கேயே இறக்கிவிட்டிருப்பார்கள். வேறு சீஃப் ஆபீசர் கைவசம் இல்லாததால் கப்பல் என்னோடேயே கிளம்பியது. கோடைக் கோடு தண்ணீருக்கு மேலே பளிச்சென்று தெரிந்தது. மேல்தளம் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு தாழமுக்கம் ஒன்று உருவாகிறது என்று வானிலைச் செய்தி வந்தது. கேப்டன் திசையைக் கொஞ்சம் மாற்றினார், அதுவும் எங்களைத் தேடி வந்த மாதிரி திரும்பியது. காற்று ஊளையிட ஆரம்பித்தது. அடியில் மட்டும் கனம் கிடந்ததால் கப்பல் மெதுவாகச் சாயாது. வெடுக்கென்று ஒரு பக்கம் சாயும், அதே வேகத்தில் மறுபக்கம் அடித்துத் திரும்பும். சுவரைப் பிடிக்காமல் ஓர் அடி வைக்க முடியாது. கண்ணாடி டம்ளர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சமையல்காரர் அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார்.

மறுநாள் விடிந்தபோது வெளிச்சம் வந்ததே தப்பு என்று தோன்றியது. இருட்டில் சத்தம் மட்டும் கேட்டது, இப்போது எல்லாம் தெரிந்தது. நானும் மாப்பிள்ளையும் தளத்துக்குப் போகும் இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்று சின்னக் கண்ணாடி வட்டம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரக்கறைக் கதவின் ஓரத்தில் இறுக்கம் விட்டிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். கொஞ்சம் அடங்கினால் போய்ப் பார்க்க வேண்டும். அடங்கவே இல்லை.

ஓர் அலை வந்தது. கப்பல் விளிம்பில் மோதவில்லை, அப்படியே ஏறி வந்தது. பச்சையாக, கனமாக, மேல்தளம் முழுக்க நின்றது. சரக்கறைக் கதவுகள் தெரியவில்லை. கப்பலின் முன்பாதியே கடலாகிவிட்டது. தண்ணீர் வெளியேற விளிம்பில் ஓட்டைகள் உண்டு. அவை வழியாக ஓடத் தொடங்கியது, ஆனால் பாதி வடிவதற்குள் அடுத்த அலை ஏறிவிட்டது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே கிடந்தது. திரும்பு, திரும்பு என்று எனக்குள்ளே கத்தினேன். வாய்விட்டுத்தான் கத்தியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. அது யோசித்து யோசித்து, ஓர் உதறலோடு நிமிர்ந்தது. மூன்றாவது அலை விளிம்பை எட்டிப் பார்த்துவிட்டு ஏறாமல் கீழே இறங்கியது. எவ்வளவு வித்தியாசத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சு உயரம் இருந்ததால் ஏறவில்லை.

மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை. எலும்பு வலித்தது. அவன் உதடு வெளுத்துப்போயிருந்தது, கண் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு காற்று எங்களை விட்டு மேற்கே போகும்வரை இருவரும் அங்கேயேதான் நின்றோம். அப்போதும் அவன் என்னோடு பேசவில்லை.

சிட்டகாங்குக்கு வெளியே நங்கூரம் போட்டோம். போனில் சிக்னல் வந்ததும் தங்கையின் அழைப்புகள் வரிசையாகக் காட்டின. அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். அவள் அழுது முடிப்பதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளை பக்கத்தில் கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“எல்லாரும் சொகமா இருக்கீங்களா தம்பி? புயல்னு கேட்டதுல இருந்து நான் தூங்கல.”

உண்மையாகத்தான் சொன்னார். குரலிலேயே தெரிந்தது. “சுகமா இருக்கோங்க” என்றேன்.

“கடவுள் காப்பாத்துனாரு.” பிறகு மெதுவாக ஆரம்பித்தார். “ஆனா பாருங்க, கப்பலு நல்ல கப்பலு. இம்புட்டுப் பெரிய புயல்லயும் ஒன்னும் ஆகல. அந்த நானூறு டன்னும் இருந்திருந்தாக்கூட இப்படித்தான் போய்ச் சேந்திருக்கும். சும்மா பயந்துட்டீங்க.”

நான் என்ன சொல்ல முடியும்? முழுகாத கப்பலை வைத்துக்கொண்டு முழுகியிருக்கும் என்று எப்படிக் காட்டுவது?

“அடுத்த லோடுக்கு வேற ஆபீசரப் பாத்துட்டேன் தம்பி. கோவிச்சுக்காதீங்க. நீங்க அங்கயே எறங்கிக்குங்க. மாப்பிள்ளை இருக்கட்டும், நல்ல வேலைக்காரன். அவன் பொழப்புல நான் கைவைக்க மாட்டேன்.”

புயலில் கதவுக்குப் பின்னால் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. இந்தக் கப்பல், இந்தக் கேப்டன், சொன்னபடி ஏற்றுகிற ஒரு புது ஆபீசர், மிச்சம் கிடக்கும் மண், அதன் மேல் இவன். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பொழப்பைக் கெடுத்தவன் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியாகிவிட்டது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் போனை அவன் பக்கம் நீட்டினேன்.

அவன் எழுந்து வந்து வாங்கிக்கொண்டான்.

“முதலாளி, தண்ணி சரக்கறைக் கதவு மேல நின்னுச்சு. வடியிறதுக்கு முந்தி அடுத்தது வந்துச்சு. மூணாவதும் ஏறியிருந்தா நாங்க இல்ல. அது ஏறாம இருந்ததுக்கு எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒன்றரைச் சாண்தான்.”

அவன் விளிம்புக்குப் போய்க் கீழே கோட்டைப் பார்த்தான்.

“அதத்தான் நீங்க கேட்டீங்க முதலாளி.”

போனில் லாரி ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளை அதற்கு மேல் காத்திருக்கவில்லை. போனை என் கையில் திணித்துவிட்டு, உள்ளே போய், தன் துணிகளைப் பையில் அள்ளிப்போடத் தொடங்கினான்.